செம்பைக் கரைக்கும் இரும்பு: வினைதிறன் வரிசை உண்மையில் எதை ஒப்பிடுகிறது?

செம்பு சல்பேட்டின் நீலக் கரைசலில் இரும்பாணியைப் போட்டால் என்ன நடக்கும் என்று கேட்டால், மலேசியாவில் 5-ஆம் படிவ வேதியியல் படிக்கும் எந்த மாணவரும் தயங்காமல் பதில் சொல்வார். வினைதிறன் வரிசையில் இரும்பு செம்புக்கு மேலே இருக்கிறது. ஆகவே இரும்பு கரையும், செம்பு படியும். கேள்வியைத் திருப்பிப் போட்டு, இரும்பு உப்பின் கரைசலில் செம்பைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், அதே உறுதியோடு ஒன்றும் நடக்காது என்பார். ஜொகூரில் மின்னணுவியல் கற்பிக்கும் பயிற்சிக் கூடங்களிலோ சிறு பட்டறைகளிலோ, மின்சுற்றுப் பலகையை ஃபெரிக் குளோரைடுக் கரைசலில் இட்டு ஆட்டுபவர்கள் அந்தப் பதிலுக்கு நேர்மாறானதைக் காண்பார்கள். இரும்பு உப்பு செம்பைக் கரைத்துவிடுகிறது. மையால் மூடிய தடங்கள் மட்டும் தப்பிக்கின்றன. மூடாத இடத்தில் செம்பு மங்கி, மெலிந்து, அடியிலுள்ள பலகை தெரியத் தொடங்குகிறது. இது வரிசைக்கு விதிவிலக்கு அன்று. வரிசை உலோகங்களை ஒப்பிடுகிறது என்று நாம் கொண்ட எண்ணமே குறையுடையது. அது ஒப்பிடுவது இணைகளை: ஓர் அயனியும், எலக்ட்ரானைப் பெற்றபின் அது அடையும் வடிவமும் சேர்ந்த இணை. எந்த இணை என்று சொல்லாமல் செய்யும் முன்கணிப்பு பாதி முன்கணிப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

எண்களைக் கொண்டு பார்ப்போம். திட்ட மின்முனை அழுத்தத்தில் Fe²⁺/Fe இணைக்கு −0.44 வோல்ட், Cu²⁺/Cu இணைக்கு +0.34 வோல்ட், Fe³⁺/Fe²⁺ இணைக்கு +0.77 வோல்ட். அழுத்தம் கூடிய இணையின் அயனி எலக்ட்ரானைப் பறிக்கும். குறைந்த இணையின் உலோகமோ அயனியோ அதை இழக்கும். ஆக, இரும்பு என்ற ஒரே தனிமம் செம்புக்குக் கீழும் மேலுமாக இரண்டு இடங்களில் நிற்கிறது. ஆணியிலுள்ள இரும்பு செம்பு அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. ஃபெரிக் அயனியோ செம்பு உலோகத்திடமிருந்தே எலக்ட்ரானைப் பெற்றுக்கொள்கிறது. உண்மைக் கரைசலில் குளோரைடின் செறிவும் அமிலமும் இந்த எண்களைச் சற்று நகர்த்தும் என்றாலும், 0.43 வோல்ட் இடைவெளி திசையை மாற்றும் அளவுக்குச் சுருங்குவதில்லை. சமன்பாட்டை எழுதும்போது இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். Cu + Fe³⁺ → Cu²⁺ + Fe²⁺ என்று எழுதி, இரு பக்கமும் ஒரு செம்பு, ஒரு இரும்பு இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அணுக்கள் சரிதான், மின்னூட்டம் சரியில்லை: இடப்பக்கம் 3+, வலப்பக்கம் 4+. செம்பு இரண்டு எலக்ட்ரான்களை விடுகிறது, ஒரு ஃபெரிக் அயனி ஒன்றைத்தான் ஏற்கிறது. எனவே இரண்டு ஃபெரிக் அயனிகள் வேண்டும்:

Cu + 2Fe³⁺ → Cu²⁺ + 2Fe²⁺

குளோரைடையும் சேர்த்து எழுதினால் Cu + 2FeCl₃ → CuCl₂ + 2FeCl₂.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இங்கே இரும்பு உலோகம் எதுவும் வெளிவரவில்லை. எனவே இது இடப்பெயர்ச்சியே அன்று. செம்பு இரும்பை இடம்பெயர்க்காது என்ற வரிசையின் தீர்ப்பு அப்படியே நிற்கிறது என்று சொல்லலாம். அந்தத் தீர்ப்பு நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் "இடம்பெயராது" என்பதிலிருந்து "வினை நடக்காது" என்று மாணவர் முடிவுகட்டுகிறாரே, அந்தத் தாவலைத் தடுக்க வரிசையில் ஒன்றும் இல்லை. மேலும், முற்றிலும் வழக்கமான இடப்பெயர்ச்சியிலும் இதே குறை தலைகாட்டுகிறது. ஆணி செம்பு சல்பேட்டில் கரையும்போது உண்டாவது FeSO₄ஆ, Fe₂(SO₄)₃ஆ? வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. 2Fe + 3CuSO₄ → Fe₂(SO₄)₃ + 3Cu என்று எழுதினாலும் அணுவும் மின்னூட்டமும் பிசகின்றிச் சமன்படும். சமன்பட்டும் அது தவறு. அப்படி ஃபெரிக் அயனி பிறந்தாலும், பக்கத்திலிருக்கும் இரும்பும் படிந்த செம்புமே அதை ஃபெரஸாக ஒடுக்கிவிடும். நீலம் முற்றும் போனபின் தெளிந்த கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் அழுக்குப் பச்சை வீழ்படிவு வரும், பழுப்பு வராது. Fe + CuSO₄ → FeSO₄ + Cu என்பதற்குச் சான்று அந்தப் பச்சைதான்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பலகையை அரித்து ஓய்ந்த கரைசலிலிருந்து செம்பை மீட்க வேண்டுமானால் பழைய இரும்பை அதில் போடுவது பழகிய வழி. ஒரு லிட்டரில் 1.6 மோல் ஃபெரிக் குளோரைடுடன் தொடங்கி, அது 0.5 மோல் செம்பைக் கரைத்திருப்பதாகக் கொள்வோம். அதற்கு 1.0 மோல் ஃபெரிக் செலவாகியிருக்கும், 0.6 மோல் மீந்திருக்கும். அமிலமாக 0.2 மோல் ஹைட்ரஜன் அயனியும் இருக்கட்டும். ஆணிச் சோதனையை மட்டும் அறிந்தவர், ஒரு மோல் செம்புக்கு ஒரு மோல் இரும்பு என்று கணக்கிட்டு 27.9 கிராம் இரும்பைப் போடுவார். ஆனால் இரும்பிடம் எலக்ட்ரான் கேட்டு நிற்பவை மூன்று. அழுத்தம் மிகுந்த ஃபெரிக்கின் பங்கு முதலில் தீர வேண்டும்: 2Fe³⁺ + Fe → 3Fe²⁺, இதற்கு 0.3 மோல் இரும்பு. செம்புக்கு 0.5 மோல். Fe + 2H⁺ → Fe²⁺ + H₂ என்ற வினைக்கு 0.1 மோல். மொத்தம் 0.9 மோல், அதாவது 50.3 கிராம். 27.9 கிராம் மட்டும் போட்டவருக்கு, அமிலம் ஒன்றும் தின்னாவிட்டாலும், 0.2 மோலுக்கு மேல் செம்பு கிடைக்காது. கரைந்திருந்த 31.8 கிராமில் அது 12.7 கிராம்தான். குறை நேர்ந்ததைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: இரும்பின்மேல் படியும் செந்நிறப் பூச்சு, ஃபெரிக் மிச்சமிருக்கும்வரை நிலைக்காமல் மறுபடி கரைகிறது. அந்தக் கரைவு வேறெதுவும் அன்று, பலகையை அரித்த அதே வினை.

மின்முனை அழுத்தமே போதும், இனி எல்லாம் கணிக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. அது திசையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. −1.66 வோல்ட் கொண்ட அலுமினியம் இரும்பை விட எளிதாகச் செம்பை வெளியேற்ற வேண்டும்: 2Al + 3Cu²⁺ → 2Al³⁺ + 3Cu. ஆனால் அலுமினியத் தகட்டைச் செம்பு சல்பேட்டில் இட்டால் நெடுநேரம் ஒன்றும் நடவாததுபோல் கிடக்கும். மேலே மூடியுள்ள ஆக்சைடு ஏடு தடுக்கிறது. அதே கரைசலில் சிட்டிகை சமையலுப்பைப் போட்டால் குளோரைடு அயனி அந்த ஏட்டைத் துளைக்க, தகடு சூடாகிச் செம்பு கொட்டும். அழுத்தம் மாறவில்லை, தடை நீங்கியது. இரும்பிலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. படிந்த செம்பு உலோகத்தை இறுக மூடிக்கொண்டால் வினை தளரும். அதனால்தான் கட்டி இரும்பை விடச் சீவலாக இருப்பதும், கலக்கிக்கொண்டே இருப்பதும் பயனளிக்கின்றன.

கணக்கு முடியும் இடம் வேறொன்று. செம்பு முழுதும் வெளிவந்த அந்த ஒரு லிட்டரில் இப்போது 2.5 மோல் ஃபெரஸ் அயனி, கிட்டத்தட்ட 140 கிராம் இரும்பு, கரைந்து நிற்கிறது. மலேசியாவின் 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் விடப்படும் நீருக்கு லிட்டருக்குச் செம்பு 0.20 மில்லிகிராம், இரும்பு 1.0 மில்லிகிராம் என வரம்பிடுகின்றன. ஜொகூர் ஆற்றின் நீரைக் கோத்தா திங்கிப் பகுதியில் எடுத்து ஜொகூரும் சிங்கப்பூரும் குடிக்கின்றன. இடப்பெயர்ச்சி செம்பை அகற்றுகிறது, ஆனால் ஓர் அயனிக்குப் பதில் இன்னோர் அயனியை விட்டுச் செல்கிறது. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் எழுதிய Fe²⁺-ஐச் சுண்ணாம்பிட்டுக் காற்றூட்டி வீழ்படிவாக்கி வடிகட்டிய பிறகே நீர் வெளியேற முடியும். அப்போது கிடைக்கும் கசட்டில் செம்பு கலந்திருந்தால், 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அது பட்டியலிடப்பட்ட கழிவு.