ஒரு கோடியைத் தாண்டினால் என்ன மாறும்?

தாம்பரத்தில் வீடு வாங்கியிருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், "சார், சென்னை மெகா சிட்டி ஆயிடுச்சா? நான் அதில் சேர்த்தியா?" என்று கேட்டிருந்தார். அவருக்கான பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒரு கோடி பேர் வாழும் நகரம் மெகா சிட்டி. இது ஐ.நா. வைத்துள்ள வரம்பு. முன்பு அவர்களே 80 லட்சம் என்று வைத்திருந்தார்கள், பிறகு உயர்த்தினார்கள். நம் மத்திய அரசு 1993-94இல் மெகா சிட்டி திட்டம் கொண்டுவந்தபோது சென்னை, பெங்களூர், ஹைதராபாத்தையும் அதில் சேர்த்தது. 1991 கணக்குப்படி அப்போது பெங்களூரில் சுமார் 41 லட்சம் பேர்தான். ஆகவே கோடு என்பது மனிதர் போட்டது, தேவைக்கேற்ப நகரும்.

அதைவிடச் சிக்கல், எதுவரை ஊர் என்பது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 46 லட்சத்துச் சொச்சம். அது 174 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய எல்லை. அதே ஆண்டு அக்டோபரில் எல்லையை 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அந்த எல்லைக்குள் எண்ணினால் சுமார் 67 லட்சம். ஒட்டியுள்ள ஊர்களையும் சேர்த்த 'நகரத் தொகுதி' என்ற கணக்கில் 86.5 லட்சம். எண்ணப்பட்டவர்கள் அதே மக்கள்தான். எண்கள் மட்டும் மூன்று. தாம்பரம் இன்று தனி மாநகராட்சி. ஆனால் நகரத் தொகுதிக் கணக்கில் நம் மாணவரும் சென்னைக்காரரே.

நம் தஞ்சாவூரையே பாருங்கள். 2001இல் 2,15,725 பேர், 2011இல் 2,22,943. பத்து ஆண்டில் ஏழாயிரம்தான் கூடியது என்றால் ஊர் வளரவில்லையா? நாஞ்சிக்கோட்டை, நீலகிரி பக்கம் வயலும் தரிசும் மனைகளானதை நாம் கண்ணால் பார்த்தோம். அந்த வீடுகள் நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தன. அதனால் 'தஞ்சாவூர்' என்ற வரியில் வரவில்லை.

சரி, கோட்டைத் தாண்டினால் எந்தப் புள்ளிவிவரம் மாறும்? 2011 எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். அப்போது கோடிக்கு மேல் இருந்தவை மூன்று: மும்பை 184 லட்சம், டில்லி 163, கொல்கத்தா 141. மொத்தம் 488, சராசரி 163. அடுத்த வகுப்பான 50 லட்சம் முதல் ஒரு கோடி வரை, சென்னையோடு பெங்களூர் 85, ஹைதராபாத் 77, அகமதாபாத் 64, புனே 50. மற்ற ஊர்களை அப்படியே வைத்து, சென்னையை மட்டும் 99 லட்சம் என்று கொள்வோம். இந்த வகுப்பின் சராசரி 75.

இப்போது சென்னையில் ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள். ஊர் மேல் வகுப்புக்குப் போகிறது. மேல் வகுப்பின் மொத்தம் 488இலிருந்து 588 ஆகிறது. "மெகா சிட்டி மக்கள்தொகை 20 சதவீதம் உயர்வு" என்று செய்தி வரும். உண்மையில் கூடியது ஒரு லட்சம்தான். மீதி 99 லட்சம் பேர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். மேல் வகுப்பின் சராசரி 163இலிருந்து 147 ஆகக் குறையும். கீழ் வகுப்பின் சராசரியும் 75இலிருந்து 69 ஆகக் குறையும். எந்த ஊரிலும் ஒரு ஆள்கூடக் குறையவில்லை, ஆனால் இரண்டு சராசரியும் இறங்கிவிட்டன! 'பி' பிரிவின் முதல் மாணவனை 'ஏ' பிரிவில் கடைசி ஆளாகச் சேர்த்தால் இரண்டு பிரிவின் சராசரியும் இறங்குமே, அதே கதைதான்.

மாறாதவையும் உண்டு. மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படிக்கு மேல் வகுப்பு 50 லட்சத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதில் சென்னை எப்போதோ சேர்ந்தாயிற்று. ஒரு கோடியைத் தொட்டதால் ஒரு பைசா கூடாது.

ஐ.நா.வின் 2018 அறிக்கை சென்னையை ஒரு கோடிக்குச் சற்று மேலே வைத்தது. அது மதிப்பீடு, தலை எண்ணியது அல்ல. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. அதே அறிக்கையில் ஜகார்த்தாவும் ஒரு கோடியை ஒட்டித்தான் இருந்தது. 2025 அறிக்கையில் எல்லை வகுக்கும் முறையை மாற்றினார்கள், ஜகார்த்தா 4.2 கோடியோடு டோக்கியோவைத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஏழு ஆண்டில் மூன்று கோடிப் பேர் குடியேறவில்லை.

ஆகவே பிள்ளைகளே, "கிராமம் காலியாகிறது, நகரம் வீங்குகிறது" என்று யாராவது ஒரு எண்ணைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லை எது? எண்ணியதா, மதிப்பிட்டதா? ஆள் கூடினார்களா, ஊர் வகுப்பு மாறியதா? டெல்டாவிலிருந்து பிள்ளைகள் வேலைக்குப் போவது உண்மைதான். அது எவ்வளவு என்று தெரிய, இடம்பெயர்ந்தோர் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். மெகா சிட்டிப் பட்டியலில் அது இருக்காது.