வெண்ணெய் மிதந்த ஜக்கும், உழக்கு நெய்யும்

போன வாரம் கார்த்திகை தீபத்துக்கு நெய் கொடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு முன்னாள் மாணவி, "டீச்சர், அந்தக் காலத்தில் தராசு இல்லாமல் நெய்யை எப்படி அளந்தார்கள்? உறைந்த நெய்யைப் படியில் அளக்க முடியுமா?" என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் விளக்குகளுக்காக ஆடு மாடுகளை விட்ட செய்தி சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு. அதாவது ஒரு எருமைக்கு மூன்று பசு, ஆறு ஆடு சமம். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளந்து கொடுக்க வேண்டும். அளக்கும் கருவிக்கும் பெயர் உண்டு. ஆடவல்லான் என்ற மரக்கால், ராஜகேசரி என்ற மரக்காலோடு ஒத்தது என்று எழுதியிருக்கிறார்கள். எந்த அளவையால் அளக்க வேண்டும் என்பதைக் கல்லில் வெட்டி வைக்கிறார்கள் என்றால், அதில் தகராறு வரும் என்று தெரிந்துதான் செய்திருப்பார்கள். இது என் ஊகம்.

உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. என் வயதுக்காரர்கள் பாட்டி வீட்டில் ஆழாக்கும் உழக்கும் பார்த்திருப்பார்கள். இவை எல்லாம் கொள்ளளவு, எடை இல்லை. உருகிய நெய்யை உழக்கில் ஊற்றினால் சிக்கலே இல்லை, தளும்பும் வரை ஊற்றினால் ஒரு உழக்கு. ஆனால் மார்கழியில் மணல் மணலாக உறைந்த நெய்யை அள்ளிப் போட்டால் நடுவில் காற்று இடைவெளி நிற்கும். கொடுப்பவர் உழக்கு நிறைந்துவிட்டது என்பார். வாங்குபவர் அதை உருக்கிப் பார்த்தால் முக்கால் உழக்குதான் இருக்கும். அப்போது உருக்கி அளப்பது ஒரு வழி, அழுத்திக் குத்தி நிரப்பி மட்டம் தட்டுவது இன்னொரு வழி.

அந்த இரண்டாவது வழியைத்தான் 1896-இல் அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் தன் பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகத்தில் சொன்னார். வெண்ணெயைக் கப்பில் இடைவெளி இல்லாமல் அடைத்துக் கத்தியால் மட்டம் வழிக்க வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கப்பின் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும், பாதி வெண்ணெய் கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் அங்கே மனையியல் வகுப்புகளில் தண்ணீர் முறை வந்தது. அளவுக்கோடு போட்ட ஜக்கில் தண்ணீர் ஊற்றி, வெண்ணெயைப் போட்டு, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. அரை கப் வெண்ணெய் வேண்டுமா? அரை கப் தண்ணீர் ஊற்று, மட்டம் ஒரு கப்புக்கு வரும் வரை வெண்ணெயைப் போடு, தண்ணீரை வடித்துவிடு.

நானும் இதைத்தான் செய்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. நான் அடி அண்ணாமலை பக்கத்தில் குடியிருந்தேன். கிரிவலப் பாதையில் ராஜகோபுரத்துக்கு நேர் எதிராக, மலையின் பின்பக்கம் இருக்கும் ஊர். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஆயா வெண்ணெய் கொண்டு வருவார். தூக்குவாளியில் தண்ணீர், அதில் உருண்டை உருண்டையாக வெண்ணெய் மிதக்கும். கால் கிலோ என்று தராசில் நிறுத்துக் கொடுப்பார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள், "அவ தண்ணி ஏத்தித்தான் விக்கிறா, நீங்க அறிவியல் டீச்சராச்சே, கண்டுபிடிக்க மாட்டீங்களா?" என்று ஏற்றிவிட்டார்.

அன்று மாலை பள்ளியில் இருந்து ஒரு லிட்டர் பிளாஸ்டிக் அளவு ஜக்கை எடுத்து வந்தேன். 500 மில்லி வரை தண்ணீர் ஊற்றினேன். 250 கிராம் வெண்ணெயைப் போட்டேன். மட்டம் 750-க்குப் போய் நின்றது. 250 கிராம் எடை, 250 மில்லி கொள்ளளவு, அப்படியானால் அடர்த்தி 1. அது தண்ணீரின் அடர்த்தி ஆயிற்றே! நல்ல வெண்ணெய் 0.94 பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உடனே முடிவு கட்டிவிட்டேன். அடுத்த வெள்ளி ஆயா வந்தபோது, "ஏன் ஆயா, தண்ணிய ஏத்திக் குடுக்கறீங்களே, நியாயமா?" என்று தெருவில் வைத்துக் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. "நான் கடைஞ்சதத்தான் கொண்ணாந்தேன் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கு அடுத்த வாரம் வரவில்லை.

பெருமையாக இதை எட்டாம் வகுப்பில் சொன்னேன். ஜக்கையும் ஒரு வெண்ணெய் உருண்டையையும் கொண்டு போய் எல்லோர் முன்னாலும் செய்தும் காட்டினேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அது மிதக்குதே, மேலே கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கே, அதையும் சேர்த்தா அளந்தீங்க?" என்று கேட்டாள்.

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரைத்தான் இடம்பெயர்க்கும். இதை ஆண்டாண்டாகக் கரும்பலகையில் எழுதியவள் நான். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். 250 கிராம் வெண்ணெய் மிதந்தால், அது சுத்தமாக இருந்தாலும் சரி, தண்ணீர் ஏற்றியதாக இருந்தாலும் சரி, மட்டம் 250 மில்லிதான் ஏறும். அதாவது நான் அளந்தது கொள்ளளவே இல்லை. ஆயாவின் தராசு சரியாக இருக்கிறது என்பதை மட்டும்தான் நிரூபித்திருந்தேன்!

அந்தப் பெண்ணையே கூப்பிட்டு ஒரு ஊசியால் வெண்ணெயை முழுதாக மூழ்கும்படி அழுத்தச் சொன்னேன். விரலால் அழுத்தினால் விரலின் கொள்ளளவும் சேர்ந்துவிடும் என்பதால் ஊசி. அன்றைக்கு வகுப்பில் இருந்த உருண்டை 200 கிராம். மிதந்தபோது 500-இல் இருந்து 700. அழுத்தியபோது 710-க்குக் கொஞ்சம் மேலே. இந்தச் சின்ன வித்தியாசம்தான் வெண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதற்கு அடையாளம்.

இரண்டும் ஆர்க்கிமிடிஸ் கணக்குதான், ஆனால் இரண்டு வேறு கணக்கு. கிரீடத்தைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொள்ளளவு கண்ட கதை அவர் இறந்து சுமார் இருநூறு ஆண்டுக்குப் பிறகு விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் எழுதியது. தங்கம் தானாக மூழ்கிவிடும், அதனால் அங்கே குழப்பம் இல்லை. மிதக்கும் பொருள்களுக்கான விதியை ஆர்க்கிமிடிஸே தனி நூலாக எழுதினார். வெண்ணெய்க்கு முதல் கதையைப் பயன்படுத்த வேண்டுமானால் அதை அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டால் இரண்டாவது விதி வேலை செய்யும். நான் இரண்டையும் கலந்துவிட்டேன்.

சரி, அழுத்தி அளந்தால் தண்ணீர் கலப்படம் தெரியுமா? அதுவும் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் வெண்ணெயில் 16 கிராம் தண்ணீர் என்றால் கொள்ளளவு சுமார் 106 மில்லி வரும். 40 கிராம் தண்ணீர் என்றாலும் சுமார் 104 அல்லது 105 வரும். பத்து மில்லிக்கு ஒரு கோடு போட்ட ஜக்கில் இந்த ஒன்றிரண்டு மில்லியை யார் படிக்க முடியும்? தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைக்காமல் மேலிருந்து பார்த்தாலே அதைவிடப் பெரிய தப்பு வந்துவிடும். கலப்படம் பார்க்க ஜக் தேவையில்லை, உருக்கினால் போதும். உயரமான கண்ணாடி டம்ளரில் வெண்ணெயை வெந்நீரில் வைத்து உருக்கி அசையாமல் விட்டால், தண்ணீரும் மோரும் கீழே தங்கும், நெய் மேலே நிற்கும். ஆயாவின் வெண்ணெயில் மீதி இருந்த கால் கிலோவைக் காய்ச்சினேன். 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நெய் கிடைத்தது. வீட்டில் கடைந்த வெண்ணெய்க்கு அது சரியான கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மிதப்பது, அமிழ்வது எல்லாம் அவருக்கு வேண்டாத பேச்சு. "நீ தப்புன்னு சொன்னியே, அத அந்தத் தெருவுல வந்து சொல்லு" என்றார். சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். வெண்ணெய்க்குத் தண்ணீர் முறை ஒத்து வரும், ஏனென்றால் வெண்ணெய் ஏற்கெனவே தண்ணீரில் மிதந்து பழகியது, உதறித் துடைத்தால் போதும். குளிர்ந்த தண்ணீராக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் போட்டால் குழைந்து ஜக்கின் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நெய்க்கு ஒத்து வராது. தண்ணீர் பட்ட நெய் சூடான வாணலியில் வெடிக்கும், மிச்சத்தை எடுத்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

உறைந்த நெய்யை எடையாக அளக்க நான் செய்வது இது. வாய் அகன்ற ஜக்கில் தண்ணீர் ஊற்றி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை அதில் மிதக்க விடுவேன். மட்டத்தைக் குறித்துக்கொள்வேன், 500 என்று வையுங்கள். பிறகு டப்பாவுக்குள் நெய்யை வைப்பேன். மட்டம் 600-க்கு வந்தால் நெய் 100 கிராம். டப்பா சாயாமல், ஜக்கின் சுவரில் இடிக்காமல், அடியில் தட்டாமல் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். நெய் நனையவே நனையாது. அன்றைக்கு நான் செய்த தப்பே இங்கே வேலை செய்கிறது பாருங்கள்.

இந்தியாவில் 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் இருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. பலம், சேர், வீசை எல்லாம் போய் கிராம், கிலோ வந்தது. நெய்யும் உழக்கில் இருந்து கிலோவுக்கு மாறிவிட்டது. மலை உச்சிக் கொப்பரைக்கு 3,500 கிலோ நெய் என்று செய்தித்தாளில் படிக்கிறோம், எத்தனை நாழி என்று யாரும் எழுதுவதில்லை. கிலோவில் சொன்னால் உறைந்திருந்தாலும் உருகியிருந்தாலும் அதே அளவுதான். உழக்கில் அப்படி இல்லை.

அந்த முன் பெஞ்சுப் பெண்தான் இப்போது கேள்வி கேட்ட மாணவி. அவளுக்கு இது நினைவு இருக்கிறதா என்று கருத்துப் பெட்டியில் சொல்லட்டும்.