தோள் தூக்கும் தசைகள்

இரு தோள்களையும் காதுகளை நோக்கி உயர்த்தி இறக்குவதைப் பேச்சு வழக்கில் தோளைக் குலுக்குதல் என்கிறோம். கையில் டம்பெல்லோ பார்பெல்லோ பிடித்துக்கொண்டு இதையே செய்தால் உடற்பயிற்சிக் கூடத்தில் அதற்கு ‘ஷ்ரக்’ என்று பெயர். உயர்வது தோள் மூட்டு அல்ல. முதுகின் மேற்புறத்தில் விலா எலும்புகளின் மீது வழுக்கி நகரும் முக்கோணத் தோள்பட்டை எலும்பு. அதைத் தூக்குவதில் முதலிடம் ட்ரபீசியஸ் தசையின் மேல்பகுதிக்கும் லெவேட்டர் ஸ்கேப்புலே தசைக்கும். இரண்டும் மேல்நோக்கியே இழுக்கின்றன. ஆனால் எலும்பைச் சுழற்றும் திசையில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இந்த முரண்பாடு புரியாவிட்டால் பயிற்சியும் தவறும், சில நேரம் நோயறிதலும் தவறும்.

ட்ரபீசியஸ் பின்மண்டையில் தொடங்கி நடுமுதுகின் கீழ்வரை விரியும் பெரிய தட்டைத் தசை. இரு பக்கமும் சேர்ந்தால் சாய்ந்த சதுரம் போலத் தெரியும். அதன் மேல்பகுதி பின்மண்டை எலும்பிலிருந்தும் பிடரியின் நடுக்கோட்டிலிருந்தும் புறப்பட்டு, காறை எலும்பின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் போய் ஒட்டுகிறது. ஜிம்மில் ‘ட்ராப்ஸ்’ என்று தட்டிக் காட்டப்படும் மேடு இதுதான். தோள்பட்டை எலும்பைத் தூக்குவதாகச் சொல்லப்படும் இந்தப் பகுதி, உண்மையில் பிடித்திருப்பது காறை எலும்பைத்தான். காறை எலும்பு உயரும்போது அதன் வெளிமுனையில் தொங்கும் தோள்பட்டையும் கூடவே உயர்கிறது.

மேல்பகுதி இழைகள் மண்டையிலிருந்து செங்குத்தாகத் தொங்குவதாகப் பல படங்கள் காட்டும். 1994இல் ஜான்சன், பொக்டக் முதலியோர் இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. மண்டையிலிருந்து வருபவை மெல்லியவை. தடிமனான இழைகள் கழுத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து கிட்டத்தட்டக் கிடைமட்டமாகத் தோளை நோக்கிச் செல்கின்றன. கிடைமட்டமாக இழுக்கும் கயிறு எப்படித் தூக்கும்? காறை எலும்பின் உள்முனை மார்பெலும்போடு மூட்டாகச் சேர்ந்திருக்கிறது. உள்ளேயும் பின்னேயும் இழுபடும் வெளிமுனை, அந்த மூட்டை அச்சாகக் கொண்டு வட்டப்பாதையில் மேலெழுகிறது.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கையில் 20 கிலோ டம்பெல் தொங்குகிறது. தசையின் இழுவிசை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை மேல்நோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாய்வில் இழுவிசையின் பாதி மட்டுமே மேல்நோக்கி வேலை செய்யும். ஆகவே 20 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 40 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுவிசையின் கிடைமட்டக் கூறு காறை எலும்பை மார்பெலும்போடு அழுத்துகிறது. உடல் இதைவிடச் சிக்கலானது, பல தசைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனாலும் கழுத்து முள்ளெலும்புகளின் மேல் இறங்க வேண்டிய சுமையின் ஒரு பங்கு, காறை எலும்பின் வழியே மார்பெலும்புக்குப் போய்விடுவதை இந்தக் கணக்கிலிருந்து ஊகிக்கலாம்.

லெவேட்டர் ஸ்கேப்புலே என்ற லத்தீன் பெயருக்கே தோள்பட்டை தூக்கி என்றுதான் பொருள். கழுத்தின் முதல் நான்கு முள்ளெலும்புகளின் பக்கவாட்டு நீட்சிகளில் தொடங்கி, ட்ரபீசியஸுக்கு அடியில் ஒளிந்து இறங்கி, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்மூலையில் ஒட்டுகிறது. கழுத்துப் பிடித்துக்கொண்ட காலையில் பலரும் தாமாகவே விரலால் அழுத்தித் தேடுகிற இடம் அந்த மூலைதான். உள்மூலையை மட்டும் மேலே இழுத்தால் எலும்பின் வெளிமுனை சரியும், கை பொருந்தும் குழி கீழ்நோக்கித் திரும்பும். இதன் கீழே முதுகெலும்பிலிருந்து சாய்வாக வரும் ராம்பாய்டு தசைகளும் அதே போக்கு உடையவை. ட்ரபீசியஸோ வெளிமுனையைத் தூக்கிக் குழியை மேல்நோக்கித் திருப்பும். இரு தரப்பும் ஒருசேர இழுக்கும்போது சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, எலும்பு நேராக மேலே வருகிறது.

கைகளை உடலோடு ஒட்டவைத்துச் செய்யும் வழக்கமான ஷ்ரக்கில் லெவேட்டருக்கும் ராம்பாய்டுகளுக்கும் நல்ல பங்கு உண்டு. கைகளைப் பக்கவாட்டில் சுமார் 30 பாகை விலக்கி வைத்துத் தூக்கினால் எலும்பு மேல்நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். ட்ரபீசியஸின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் கூடுதலாக இயங்குவதை 2014இல் வெளியான மின்னளவீட்டு ஆய்வு ஒன்று காட்டியது. தோள் சரிந்திருப்பவருக்கு இயன்முறை மருத்துவர்கள் இந்த வடிவத்தைத் தருவது இதனால்தான். உச்சியில் தோளை முன்னும் பின்னும் வட்டமாக உருட்டுவது இன்னும் பல கூடங்களில் நடக்கிறது. அதில் பயன் குறைவு: டம்பெல்லின் எடை எப்போதும் நேர் கீழேதான் இழுக்கும், முன்பின் அசைவுக்கு அது தடையே தருவதில்லை. எடை அளவுக்கு மீறிவிட்டதை முகவாய் காட்டிக்கொடுக்கும். தோள் உயர்வதற்குப் பதில் தலை முன்னே நீண்டு, கழுத்து தோளை நோக்கி இறங்கும். லெவேட்டரின் கீழ்முனையை எடை பிடித்துவைத்துவிட்டால் அது தன் மேல்முனையை, அதாவது கழுத்தை, இழுக்கத் தொடங்கும்.

ட்ரபீசியஸை இயக்குவது பதினோராவது மண்டை நரம்பு. அது கழுத்தின் பக்கவாட்டில், தோலுக்குச் சற்றே அடியில், லெவேட்டர் தசையின் மேற்பரப்பில் படிந்தபடி கடந்து போகிறது. அங்கே நெறிக்கட்டி ஒன்றைச் சோதனைக்காக அறுத்தெடுக்கும்போது நரம்பு வெட்டுப்படக்கூடும். அப்படிப்பட்ட நோயாளி தோள் வலி என்று வருவார். மருத்துவர் தோள்களின் மேல் கை வைத்து அழுத்தி, ‘தூக்குங்கள்’ என்பார். தோள் ஓரளவு உயரும். நரம்பு நன்றாக இருக்கிறது என்று அங்கேயே முடிவு கட்டினால் பிழை. உயர்த்தியது லெவேட்டர், அதற்கு நரம்பு வேறு வழியே, கழுத்தின் மூன்றாம் நான்காம் தண்டுவட நரம்புகளிலிருந்தும் ஐந்தாவதின் கிளையிலிருந்தும் வருகிறது. சட்டையைக் கழற்றிப் பின்னாலிருந்து பார்த்தால் உண்மை தெரியும். அந்தப் பக்கத் தோள் தாழ்ந்து, கழுத்தோர மேடு வற்றி, தோள்பட்டை எலும்பு முதுகெலும்பிலிருந்து விலகி நிற்கும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னால் தோள் மட்டத்தைத் தாண்டத் திணறும். தலை சீவ முடியவில்லை என்பது பெரும்பாலும் நோயாளியே சொல்லும் குறை. தூக்குவதற்கு மாற்று ஆள் உண்டு, சுழற்றுவதில் ட்ரபீசியஸின் இடத்தை லெவேட்டரால் நிரப்ப முடியாது.

நரம்பு வெட்டுப்பட்டது சீக்கிரம் தெரிந்தால் அதைத் தைத்து இணைக்கப் பார்ப்பார்கள். காலம் கடந்துவிட்டால், 1924இல் ஈடன் விவரித்து 1951இல் லாங்கே விரிவுபடுத்திய அறுவை சிகிச்சை கைகொடுக்கும். லெவேட்டரின் கீழ்முனையை அந்த உள்மூலையிலிருந்து எலும்புத் துண்டோடு பெயர்த்து, தோள்பட்டை எலும்பின் மேட்டில், வெளிமுனைக்கு அருகே கொண்டுபோய்ப் பொருத்துகிறார்கள். ராம்பாய்டுகளையும் எலும்பின் உள்விளிம்பிலிருந்து வெளியே நகர்த்துகிறார்கள். தசை அதேதான், நரம்பும் அதேதான். ஒட்டும் இடம் சில சென்டிமீட்டர் தள்ளிப்போனதும், வெளிமுனையைச் சரிய விட்டுக்கொண்டிருந்த லெவேட்டர் அதைத் தூக்கத் தொடங்குகிறது.