தொண்ணூறு நாள் கடன்

குலசேகரத்தில் ரப்பர் பால் கொண்டு வருகிறவருக்குக் கையில் காசு வேண்டும். அந்தப் பாலைக் கடைந்து 60 சதவீதமாக்கிக் கையுறைக் கம்பெனிக்கு அனுப்புகிறவருக்கோ பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது. இடையில் உள்ள பாரம் அவர் தலையில்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024 மார்ச்சில், தெரு முனைப் பையன் ஒருத்தன் ஒரு தாளோடு வந்தான். "மாமா, பெரிய கம்பெனி சப்ளையர் லிஸ்டில் சேத்தாச்சு. ஆர்டரைப் பாருங்க" என்றான். சாம்பிள் கொடுத்து, ஆலையை அவர்கள் வந்து பார்த்து, உத்யம் சான்றிதழ் காட்டி, எட்டு மாதம் அலைந்து கிடைத்த ஆர்டர். நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பணம் 90 நாளில் என்றிருந்தது.

இந்த வழக்கு பழசு. சிறு தொழில்களுக்குப் பாக்கி தாமதமானால் வட்டி தரவேண்டும் என்று 1992-இல் அவசரச் சட்டமும் 1993-இல் சட்டமும் வந்தன. 1998 திருத்தம் கெடுவை 120 நாளுக்குள் கட்டிற்று. 2006 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள சட்டம் அதை 45 நாளாக்கியது. எழுதிக்கொண்ட கெடு இல்லையென்றால் 15 நாள்தான். ஆர்டரில் 90 என்று அச்சடித்து இருவரும் கையெழுத்துப் போட்டாலும் 45-க்கு மேல் செல்லாது. வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடையாது, உற்பத்தி செய்கிறவருக்கு உண்டு. பிரான்சிலும் 2008-இல் பில் தேதியிலிருந்து 60 நாள் என்று வரம்பு வைத்தார்கள். பெரிய கம்பெனி எங்கும் ஒரே ஜாதிதான்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். மார்ச் 3-இல் சரக்கு இறங்கினால் ஏப்ரல் 17-க்குள் பணம் வரவேண்டும். ஜூன் 1-இல் வந்தால் 45 நாள் தாமதம். வட்டி ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு. அப்போது 6.75 சதவீதம், ஆக 20.25. நாலு லட்சம் பில்லுக்கு மாதம் 6,750 ரூபாய், ஒன்றரை மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல்.

"கேட்டா லிஸ்ட்ல இருந்து தூக்கிருவாங்களே மாமா" என்றான். உண்மை. இத்தனை வருஷம் சட்டம் தூங்கியதற்குக் காரணமே அந்தப் பயம்தான். 2023-24 கணக்கு வருஷத்திலிருந்துதான் வருமான வரிச் சட்டம் கம்பெனியைக் குத்தியது: குறு, சிறு தொழிலுக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம். மார்ச் 31 நெருங்கினால் அவர்களே கூப்பிடுகிறார்கள்.

பையன் வட்டி கேட்கவில்லை. உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து, கெடுவை 45 என்று திருத்தித் தரும்படி பணிவாக எழுதினான். திருத்தினார்கள். ஆனால் நாளைத் தங்கள் பரிசோதனை முடிந்த தேதியிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். சட்டப்படி, சரக்கு இறங்கி 15 நாளுக்குள் குறையை எழுத்தில் சொல்லாவிட்டால் இறங்கிய நாளே ஏற்ற நாள். இப்போது லாரி போகும்போதெல்லாம் டிரைவர் கேட்டில் சீல் போட்ட சீட்டை வாங்கி, அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்.