யூஎஸ்பி என்யூமரேஷன்

யூஎஸ்பி வழியே ஒரு சாதனத்தைச் செருகிய கணத்திலிருந்து, கணினி அது இன்னதென்று கேட்டறிந்து, ஒரு முகவரி கொடுத்து, வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வரை நடக்கும் உரையாடலுக்கு என்யூமரேஷன் என்று பெயர். 1996 ஜனவரியில் வெளியான முதல் யூஎஸ்பி வரையறையிலேயே இது உண்டு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், காம்பாக் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து அதை உருவாக்கின. அதற்கு முன்பு பழைய விரிவாக்க அட்டை ஒன்றைப் பொருத்துபவர் அதன் ஜம்பர்களை மாற்றி, இன்டரப்ட் எண் வேறொன்றோடு மோதாமல் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. யூஎஸ்பி அந்தப் பொறுப்பை மனிதரிடமிருந்து எடுத்துச் சாதனத்தின் தலையில் வைத்தது. தான் யார், எவ்வளவு மின்சாரம் வேண்டும், எந்த வழியில் பேசும் என்பதையெல்லாம் சாதனமே எழுதி வைத்திருந்து, கேட்டபோது கொடுக்க வேண்டும். அப்படி எழுதி வைக்கும் சிறு அட்டவணைகளே டிஸ்கிரிப்டர்கள். மைக்ரோகண்ட்ரோலருக்கு நிரல் எழுதத் தொடங்குபவருக்கு இவை பொருளற்ற அரசாங்கப் படிவங்கள் போலத் தெரியலாம். ஆனால் எதிரில் இருப்பது பற்றி எதுவுமே தெரியாத கணினி எந்த வரிசையில் கேட்க முடியும் என்று யோசித்தால், ஒவ்வொரு பைட்டும் அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் புலப்படும்.

முதல் செய்தியில் பைட்டே கிடையாது. சாதனம் தன் இரு தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோஓம் மின்தடை வழியே மேலே இழுக்கிறது. D+ கம்பி உயர்ந்தால் நொடிக்கு 12 மெகாபிட் வேகம், D- உயர்ந்தால் 1.5 மெகாபிட். கணினி தொடர்பு நிலைபெற 100 மில்லிநொடி காத்திருந்து, பிறகு ரீசெட் கொடுக்கிறது. ரீசெட்டுக்குப் பின் எந்தச் சாதனமும் 0 என்ற முகவரியில்தான் பதில் சொல்லும். ஒரு நேரத்தில் ஒரே சாதனத்தைத்தான் கணினி அந்த நிலைக்குக் கொண்டுவரும் என்பதால் குழப்பமில்லை. இப்போது சாதன டிஸ்கிரிப்டரைக் கேட்க வேண்டும். அதன் நீளம் 18 பைட். ஆனால் சாதனம் ஒரு பொட்டலத்தில் எத்தனை பைட் அனுப்பும் என்பது கணினிக்கு இன்னும் தெரியாது. அந்த எண்ணே டிஸ்கிரிப்டருக்குள்தான் இருக்கிறது. இந்த முடிச்சை வரையறை அழகாக அவிழ்த்திருக்கிறது. எந்தச் சாதனமும் குறைந்தது 8 பைட் பொட்டலம் அனுப்ப வல்லதாக இருக்க வேண்டும். பொட்டல அளவைச் சொல்லும் bMaxPacketSize0 புலமோ சரியாக எட்டாவது பைட்டில் இருக்கிறது. முதல் பொட்டலம் வந்தாலே மீதியைப் படிக்கத் தேவையானது கைக்கு வந்துவிடும்.

வரையறை இங்கே சொல்லாத ஒன்றை வரலாறு சேர்த்தது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை 8 பைட் கேட்காமல் 64 பைட் கேட்டன. முதல் பொட்டலம் வந்ததும் உரையாடலை நிறுத்தி, மறுபடி ரீசெட் கொடுத்து, அதன் பிறகே முகவரி தந்தன. சாதனம் செய்தவர்கள் விண்டோஸில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துச் சந்தைக்கு அனுப்பியதால், அந்த வரிசையை விட்டு விலகினால் தடுமாறும் சாதனங்கள் பெருகின. லினக்ஸும் விண்டோஸைப் போலவே கேட்கும் ஒரு முறையைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே மைக்ரோகண்ட்ரோலர் நிரல் வரையறையை மட்டும் நம்பினால் போதாது. பாதியில் கைவிடப்பட்ட கேள்வியையும், எதிர்பாராத இரண்டாவது ரீசெட்டையும் தாங்க வேண்டும். 18 பைட் மட்டுமே இருக்கும்போது 64 கேட்டால், இருப்பதைக் கொடுத்து நிறுத்த வேண்டும். 18 கொண்ட இடத்தில் 8 மட்டும் கேட்டால், எட்டோடு நிற்க வேண்டும்.

அடுத்து SET_ADDRESS. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் இடறும் இடம் இது. 5 என்ற முகவரி வந்ததும் அதை உடனே பதிவேட்டில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் கணினி, ‘கிடைத்தது’ என்ற வெற்றுப் பொட்டலத்தைப் பழைய 0 முகவரியிலிருந்துதான் எதிர்பார்க்கிறது. அதை அனுப்பி முடித்த பின்னரே முகவரி மாற வேண்டும். முந்தினால் கணினியின் கேள்வி 0 முகவரிக்குப் போகும், அங்கே பதில் சொல்ல ஆளிருக்காது. லினக்ஸில் `dmesg` பார்த்தால் தவறு நேர்ந்த இடத்தை ஓரளவு கண்டுகொள்ளலாம். `device descriptor read/64, error -71` என்றால் முதல் கேள்விக்கே ஒழுங்கான பதில் வரவில்லை. கடிகாரத் துல்லியம் முதலில் சந்தேகிக்க வேண்டியது: 12 மெகாபிட் சாதனத்துக்கு 0.25 சதவீதப் பிழைதான் அனுமதி. சீர்செய்யாத உள் ஆர்சி ஆஸிலேட்டர் அதற்குள் நிற்காது. `device not accepting address 5, error -71` என்று வந்தால், முகவரி மாற்றும் நிரலைப் பார்க்க வேண்டும்.

முகவரி கிடைத்த பின் கணினி கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரைப் படிக்கிறது. இங்கேயும் அதே உத்திதான்: முதலில் 9 பைட், அதில் மொத்த நீளம், பிறகு முழுவதும். மூன்று பொத்தான்கள் கொண்ட எளிய மவுஸுக்கு முழுத் தொகுப்பும் இவ்வளவுதான்:

```
09 02 22 00 01 01 00 80 32
09 04 00 00 01 03 01 02 00
09 21 11 01 00 01 22 32 00
07 05 81 03 08 00 0A
```

ஒவ்வொரு வரியின் முதல் பைட்டும் அந்த வரியின் நீளம், இரண்டாவது அதன் வகை. முதல் வரியில் உள்ள 22 பதினாறடிமான எண்; மொத்தம் 34 பைட் என்கிறது. கடைசி 32 மின்சாரத்துக்கு. 2 மில்லியாம்பியர் அலகில் 50, அதாவது 100 மில்லியாம்பியர். இரண்டாவது வரியின் 03 01 02 என்ற மூன்று பைட்டுகள் இது மனித உள்ளீட்டு வகை, பயாஸ் புரிந்துகொள்ளும் எளிய வடிவம், மவுஸ் என்று அறிவிக்கின்றன. மூன்றாவது வரி, அசைவுத் தரவின் வடிவத்தை விளக்கும் 50 பைட் அறிக்கை டிஸ்கிரிப்டர் தனியே இருக்கிறது என்கிறது. கடைசி வரியில் 81 என்பது கணினியை நோக்கிச் செல்லும் முதல் எண்ட்பாயிண்ட், 0A என்பது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை கேட்கச் சொல்லும் வேண்டுகோள். கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மொத்த நீளத்தைத் திருத்த மறந்தால் கணினி அந்த வரியைப் பார்க்கவே பார்க்காது. இவற்றோடு சாதன டிஸ்கிரிப்டரும் சேர்ந்தால் கட்டாயமானவை முடிந்தன. பெயர்களைத் தரும் சரங்கள் விருப்பத்துக்குரியவை. அவற்றின் சுட்டெண்ணில் 0 போட்டுவிடலாம். கொடுப்பதானால் அவை யூனிகோடில் இருக்கும், மொழி எண்ணும் உண்டு. தமிழுக்கு 0x0449.

ஒரு பொத்தானை அழுத்தியதைச் சொல்ல இத்தனை சடங்கா என்ற ஆட்சேபம் பழையது. சீரியல் போர்ட்டில் ஒரு பைட் அனுப்பினால் போதுமே என்பார்கள். ஆனால் அந்த ஒரு பைட்டுக்குப் பொருள் சொல்ல, கணினியில் யாராவது ஒரு டிரைவர் எழுத வேண்டியிருந்தது. மேலே உள்ள 34 பைட்டும் 50 பைட் அறிக்கையும் அந்த வேலையைத் தவிர்க்கின்றன. எல்லா இயங்குதளமும் முன்பே அறிந்த மவுஸாக அது தோன்றும். சுமையும் நினைப்பதைவிடக் குறைவு. யூஎஸ்பி வன்பொருளே இல்லாத ஏவிஆர் சில்லுகளில், 1.5 மெகாபிட் நெறிமுறை முழுவதையும் மென்பொருளிலேயே நடத்துகிறது வி-யூஎஸ்பி என்னும் நிரல்தொகுப்பு. அங்கே திணறடிப்பது ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் சில கடிகாரத் துடிப்புகள்தான். டிஸ்கிரிப்டர்கள் ஃபிளாஷ் நினைவகத்தின் ஓரத்தில் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. சாதனம் சொல்வதைக் கணினி அப்படியே நம்புகிறது. 2014இல் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் பேட்யூஎஸ்பி என்ற பெயரில் காட்டியது இதைத்தான்: பென் டிரைவின் உள்நிரலை மாற்றி எழுதினால், அது தன்னைக் கீபோர்டு என்று அறிவித்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். இது எங்கோ ஒரு நிரலில் நேர்ந்த பிழையன்று, 1996இன் தெரிவோடு வந்த விலை. ஜம்பர் வைத்த காலத்தில் சாதனத்தைப் பற்றிக் கணினிக்குச் சொன்னவர் அதன் உரிமையாளர். இப்போது சாதனமே சொல்லிக்கொள்கிறது. அதனால் தற்காப்பை உரையாடலின் முடிவில்தான் வைக்க முடிந்திருக்கிறது. லினக்ஸில் ஒரு சாதனத்தின் `authorized` கோப்பில் 0 இருந்தால், கணினி அதன் டிஸ்கிரிப்டர்களைப் படிக்கும், ஆனால் அதை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் SET_CONFIGURATION கட்டளையை அனுப்பாது. அது வராதவரை மேலே பார்த்த 81 போன்ற எண்ட்பாயிண்ட் எதுவும் திறக்காது. சாதனத்தால் ஒரு எழுத்தைக்கூடத் தட்ட இயலாது.