ஒரே உறுப்பு இரண்டு முறை வந்தால்: ரெசல்யூஷன் நிறுவலில் ஒரு படியின் வரலாறு

p, q என்று இரண்டு கூற்றுகள். இவற்றையும் இவற்றின் மறுப்புகளையும் ‘அல்லது’ போட்டு இணைத்தால் நான்கு தொடர்கள் கிடைக்கும். நான்கும் ஒருசேர மெய்யாக முடியாது. ரெசல்யூஷன் முறையில் அதை நிறுவ மூன்றே படிகள் போதும்.

```
1.  p ∨ q
2.  p ∨ ¬q
3. ¬p ∨ q
4. ¬p ∨ ¬q
5.  p        1, 2
6. ¬p        3, 4
7.  □        5, 6
```

ஐந்தாம் வரியை எடுத்துக்கொள்வோம். முதல் தொடரில் q இருக்கிறது, இரண்டாவதில் ¬q இருக்கிறது. q பொய் என்றால் முதல் தொடரை மெய்யாக்க p வேண்டும். q மெய் என்றால் இரண்டாவதில் ¬q பயன்படாது, அங்கும் p தான் வேண்டும். q எப்படி இருந்தாலும், இரண்டு தொடர்களும் மெய்யாக இருக்கும் இடத்தில் அவற்றின் மிச்சங்களில் ஒன்றாவது மெய். அந்த மிச்சங்களைச் சேர்த்தால் p ∨ p. ஒரே உறுப்பை இருமுறை எழுதுவதில் பொருளில்லை என்பதால் அது p என்று சுருங்குகிறது. ஆறாம் வரியிலும் இதே நியாயம்தான்: ¬p ∨ ¬p சுருங்கி ¬p ஆகிறது. ஏழாவதில் p-யும் ¬p-யும் மோதி வெற்றுத்தொடர் பிறக்கிறது. மெய்யாக்க ஓர் உறுப்புகூட இல்லாத தொடர் அது. எந்த மதிப்பளிப்பிலும் மெய்யாகாது. அதனால் அதைப் பெற்றெடுத்த நான்கு தொடர்களையும் ஒன்றாக மெய்யாக்கும் மதிப்பளிப்பு இருக்கவே முடியாது.

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இன்னொரு ‘நிறுவல்’ நன்கு பழக்கம். மாணவர்கள் ஒன்றையும் நான்கையும் எடுத்து, p-யை ¬p-யோடும் q-வை ¬q-வோடும் ஒரே வீச்சில் அடித்துவிட்டு, ஒரே படியில் □ என்று எழுதிவிடுவார்கள். விடை சரி, வழி தவறு. p மெய், q பொய் என்று வைத்துப் பார்த்தால் ஒன்றும் நான்கும் இரண்டுமே மெய்யாகின்றன. மெய்யாகக் கூடிய இரண்டிலிருந்து வெற்றுத்தொடர் வரக் கூடாது. q-வை மட்டும் அடித்தால் கிடைப்பது p ∨ ¬p. அது எப்போதும் மெய், அதனால் எதற்கும் உதவாது. ஒரு படியில் ஒரே ஒரு ஜோடியைத்தான் அடிக்கலாம் என்ற விதி இங்கிருந்து வருகிறது. அந்த விதிக்கு ஒரு விலக்கு இருப்பதுபோலத் தோன்றும் இடத்துக்குப் பின்னர் வருவோம்.

இந்தப் படி எங்கிருந்து வந்தது? ஆர்ச்சி பிளேக் 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் பூலிய இயற்கணிதக் கோவைகளைச் சுருக்க ஒரு முறை தந்தார். ரெசல்யூஷனின் கண்ணாடிப் பிம்பம் என்று அதைச் சொல்லலாம். ‘அல்லது’ வரும் இடங்களில் அங்கே ‘மற்றும்’ வரும். ஆனால் பிளேக் தேடியது முரணை அல்ல, சுருக்கத்தை.

முரணைத் தேடியவர்கள் மார்ட்டின் டேவிஸும் ஹிலாரி பட்னமும். அவர்கள் 1960-இல் வெளியிட்ட கட்டுரையின் மூன்றாம் விதி ஒரு மாறியை முழுவதுமாக ஒழிக்கிறது. நம் நான்கு தொடர்களில் q-வை ஒழிப்பதாக வைத்துக்கொள்வோம். q உள்ளவை இரண்டு, ¬q உள்ளவை இரண்டு. ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் சேர்த்தால் நான்கு புதிய தொடர்கள்: p, ¬p, மற்ற இரண்டும் p ∨ ¬p. பழைய நான்கையும் தூக்கி எறிந்துவிடலாம். கணக்கு ஒன்றுதான், நியாயம் வேறு. ரெசல்யூஷனில் ஒவ்வொரு புதிய வரியும் தன் இரண்டு பெற்றோர்களிலிருந்து தொடர்வதால் சரி. டேவிஸ்–பட்னம் விதியோ முழுத் தொகுதியைப் பற்றிப் பேசுகிறது: ஒழிப்பதற்கு முந்தைய தொகுதி மெய்யாகக் கூடுமானால் பிந்தையதும் கூடும், பிந்தையது கூடுமானால் முந்தையதும் கூடும். பழையதை எறிய அனுமதி தருவது இந்த இரண்டாவது பாதிதான்.

அதே கட்டுரையில் ஒரு சுவையான தகவல் உண்டு. கில்மோர் என்பவரின் நிறுவல் நிரல் ஐபிஎம் 704 கணினியில் 21 நிமிடம் ஓடியும் முடிவு காணாத ஒரு வாய்பாட்டை, இந்த முறையில் கையாலேயே 30 நிமிடத்தில் முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கணினியில் ஏற்றியபோது மூன்றாம் விதி இடித்தது. q பத்துத் தொடர்களிலும் ¬q பத்துத் தொடர்களிலும் இருந்தால் இருபது போய் நூறு வரக்கூடும், நினைவகம் தாங்காது. 1962-இல் டேவிஸ், லோஜ்மன், லவ்லண்ட் மூவரும் அந்த விதியைக் கைவிட்டு, q மெய் என்றும் பொய் என்றும் இரு கிளைகளாகப் பிரித்துத் தேடினார்கள்.

கைவிடப்பட்ட விதியை வேறு உருவில் எடுத்து வைத்தவர் ஜான் ஆலன் ராபின்சன். 1965-இல் வெளியான அவருடைய கட்டுரைதான் ‘ரெசல்யூஷன்’ என்ற பெயரை நிலைநிறுத்தியது. மாறிகளுக்குப் பதிலாகக் குறிப்பிட்ட பொருள்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதில்தான் முந்தைய முறைகள் மூச்சுத் திணறின. மோதும் இரு உறுப்புகளை ஒன்றாக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் பதிலிட்டால் போதும் என்றார் ராபின்சன். இதற்கு யூனிஃபிகேஷன் என்று பெயர்.

நாம் மேலே போகிறபோக்கில் செய்த p ∨ p சுருக்கம் இங்கே தன் கனத்தைக் காட்டுகிறது. ரஸ்ஸலின் நாவிதரை எடுத்துக்கொள்வோம்: தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளாதவர்களுக்கெல்லாம், அவர்களுக்கு மட்டுமே, சவரம் செய்கிறவர். S(x,y) என்றால் x, y-க்குச் சவரம் செய்கிறார், b நாவிதர்.

```
A.  S(x,x) ∨ S(b,x)
B. ¬S(y,y) ∨ ¬S(b,y)
```

ஒரு ஜோடியை மட்டும் அடித்துப் பார்ப்போம். A-யின் முதல் உறுப்பை B-யின் முதல் உறுப்போடு மோதவிட்டால் S(b,x) ∨ ¬S(b,x). இரண்டாவதை இரண்டாவதோடு மோதவிட்டால் S(x,x) ∨ ¬S(x,x). குறுக்காக மோதவிட்டால் S(b,b) ∨ ¬S(b,b). எல்லாமே எப்போதும் மெய்யான பதர்கள். இரண்டு உறுப்பு, இரண்டு உறுப்பு, அடிபடுவது இரண்டு, மிஞ்சுவது இரண்டு. சுருக்கம் இல்லாமல் எத்தனை முறை செய்தாலும் இந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு இறங்காது.

வழி இதுதான்: A-க்குள்ளேயே x-க்கு b என்று பதிலிட்டால் இரண்டு உறுப்புகளும் S(b,b) என்ற ஒன்றாகின்றன. எல்லா x-க்கும் உண்மையானது b-க்கும் உண்மை என்பதே அதன் நியாயம். B-யிலும் y-க்கு b இட்டால் ¬S(b,b). இரண்டும் மோதினால் □.

ராபின்சனின் மூல வரையறை இதை ஒரே படியாகவே அனுமதித்தது: ஒவ்வொரு தொடரிலும் பல உறுப்புகளைத் தேர்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மொத்தமாக அடிக்கலாம். பின்வந்த பாடநூல்கள் பல இதைச் சுருக்கல், மோதல் என இரண்டாகப் பிரித்தன. A, B இரண்டிலும் இவ்விரு உறுப்புகளை ஒரே வீச்சில் அடிப்பது மாணவரின் பிழையைப் போலவே தோன்றும். இங்கே அடிபடுவது ஒரே ஜோடி, இருமுறை எழுதப்பட்டது. அங்கே அடிபட்டவை p, q என்ற வெவ்வேறு ஜோடிகள்.

ஒவ்வொரு படியும் இவ்வளவு எளிதாகச் சரிபார்க்கப்படுவதால் நிறுவலும் குட்டையாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 11 புறாக்களை 10 பொந்துகளில், பொந்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லாமல், அடைக்க முடியாது என்பதை 561 தொடர்களில் எழுதலாம். இந்த வகைத் தொகுதிகளுக்கு ரெசல்யூஷன் நிறுவலின் நீளம், புறாக்கள் கூடக்கூட அடுக்குக்குறி வேகத்தில் பெருகியே தீரும் என்று ஆர்மின் ஹாக்கன் 1985-இல் நிறுவினார். ஆனால் புதிய குறியீடுகளை வரையறுத்துச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தால் இதே புறாக்களுக்குக் குறுகிய நிறுவல் உண்டு என்று ஸ்டீவன் குக் 1976-லேயே காட்டியிருந்தார். அப்படிச் சேர்க்கும் வரையறை எந்தப் பெற்றோரிலிருந்தும் தொடர்வதில்லை. அதைச் சேர்ப்பதால், மெய்யாகக் கூடிய தொகுதி மெய்யாகாததாக மாறிவிடுவதில்லை என்பது மட்டுமே அதற்கு நியாயம்; டேவிஸும் பட்னமும் 1960-இல் தந்தது போன்ற, முழுத் தொகுதியைப் பார்த்துச் சொல்லும் நியாயம்.