நிறை குறையவில்லை, சாப்பாடும் போதவில்லை: 18.5 என்ற எண்ணின் கதை

எங்கள் எல்லோருடைய குடும்பத்திலும் ஒல்லியான ஒரு பெரியம்மாவோ சித்தியோ இருப்பார். "அவ எப்பவும் இப்பிடித்தான், வருசக்கணக்கா அதே நிறை, ஒரு வருத்தமும் இல்லை" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். நிறை இறங்காமல் நின்றால் சாப்பாடு போதுமாக இருக்கிறது என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். இந்த நினைப்பு சரியா பிழையா என்று 1980களில் போசணைத் துறைக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. இன்று மெலிவை அளக்கப் பயன்படும் 18.5, 17, 16 என்ற எண்கள் அந்த வாக்குவாதத்தின் பின்னால் வந்தவை.

அதை விளங்கிக்கொள்ள முதலில் 1944ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குப் போகவேண்டும். இரண்டாம் உலகப் போர் முடியும் கட்டத்தில் ஐரோப்பாவில் பட்டினி பரவியிருந்தது. பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற உடற்றொழிலியல் அறிஞர் ஒரு பரிசோதனை தொடங்கினார். மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே அதில் சேர்ந்தார்கள். 24 கிழமைகளுக்கு அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவிலேயே சாப்பாடு கிடைத்தது. பெரும்பாலும் உருளைக்கிழங்கு, பாண், மக்கரோனி போன்றவைதான். கிழமைக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும்.

அவர்களின் நிறையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் கடைசிக் கிழமைகளில் நிறை இறங்கும் வேகம் குறைந்து, அநேகமாக நின்றேவிட்டது. சாப்பாடு கூடாமலே உடம்பு ஒரு சமநிலைக்கு வந்திருந்தது. எப்படி? சும்மா படுத்திருக்கும்போது உயிர் வாழ்வதற்கு மட்டும் உடம்பு செலவழிக்கும் சக்தியை அடிப்படை அனுசேப வீதம் என்கிறோம். அது சுமார் 40 வீதம் குறைந்திருந்தது. நாடித்துடிப்பு மெதுவானது, எந்நேரமும் குளிர்ந்தது, படியேறுவதே பாடாகிப் போனது. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே யோசித்தார்கள், மற்ற எல்லாவற்றிலும் ஆர்வம் விட்டுப்போனது. வரவும் செலவும் சமன்தான். ஆனால் அந்தச் சமன் வந்தது செலவை வெட்டியதால்.

இனி 1980களுக்கு வருவோம். மினசோட்டா இளைஞர்கள் ஆறு மாதத்தில் மெலிந்தவர்கள். தெற்காசியாவிலும் ஆபிரிக்காவிலும் சின்ன வயதிலிருந்தே குறைந்த சாப்பாட்டில் வளர்ந்து, மெலிந்த உடம்போடு வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் கோடிக்கணக்கானவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் செக்லர், இவர்களில் பலர் 'சிறியவர்கள், ஆனால் சுகமானவர்கள்' என்று வாதிட்டார். இந்தியப் புள்ளிவிபரவியலாளர் சுகாத்மேயும், உடம்பு குறைந்த உணவுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும், அதனால் பசித்தவர்களின் தொகையைக் கூட்டிச் சொல்கிறோம் என்ற பக்கத்தில் நின்றார். இதை வெறும் ஆய்வுக்கூடச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. இந்த வாதத்தை ஏற்றால், ஒரே கணக்கில் பல கோடிப் பேர் பசித்தவர் பட்டியலிலிருந்து வெளியே போய்விடுவார்கள்.

இதற்கு 1988இல் ஒரு தெளிவான பதில் வந்தது. பிலிப் ஜேம்ஸ், ஆனா ஃபெரோ-லுஸி, ஜோன் வோட்டர்லோ ஆகியோர் நாட்பட்ட சக்திக் குறைபாடு என்பதற்கு வரைவிலக்கணம் கொடுத்தார்கள். அதன் சாரம் இதுதான்: ஆள் சக்திச் சமநிலையில் இருக்கிறார், நிறை மாறவில்லை. ஆனால் அந்தச் சமநிலைக்குச் சுகத்திலோ உடம்பின் இயக்கத்திலோ ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். மாதாமாதம் நிறை இறங்கிக்கொண்டே போனால் அது வேறு பிரச்சினை, பட்டினியாகவோ நோயாகவோ இருக்கலாம். நாட்பட்ட குறைபாட்டில் தராசு அசையாது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

அளப்பதற்கு அவர்கள் எடுத்தது உடற்திணிவுச் சுட்டி, அதாவது கிலோகிராமில் நிறையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. பெல்ஜியத்தின் கெற்லே 19ஆம் நூற்றாண்டில் கண்ட இந்த விகிதத்துக்கு இன்றைய பெயரை 1972இல் நிலைக்க வைத்தவரும் அதே அன்செல் கீஸ்தான். 18.5க்குக் கீழே மூன்று படிகள் உண்டு. 17.0 முதல் 18.4 வரை முதலாம் படி, 16.0 முதல் 16.9 வரை இரண்டாம் படி, 16க்குக் கீழே மூன்றாம் படி.

எங்கள் சித்தியின் உயரம் 150 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 1.5ஐ 1.5ஆல் பெருக்கினால் 2.25. அவரின் நிறை 40 கிலோ என்றால் 40ஐ 2.25ஆல் பிரிக்க 17.8 வரும். அது முதலாம் படி. இதே உயரத்துக்கு 18.5 என்ற கோடு சுமார் 41.6 கிலோவில் விழுகிறது. 38 கிலோவுக்கு இறங்கினால் இரண்டாம் படி, 36க்குக் கீழே போனால் மூன்றாம் படி. மினசோட்டா இளைஞர்கள் கடைசியில் சராசரியாகக் கிட்டத்தட்ட 16.5இல், இரண்டாம் படியில் நின்றார்கள்.

அப்படியென்றால் 17.8 உள்ள எல்லாரும் குறைபாடு உள்ளவர்களா? 1988இல் அப்படிச் சொல்லப்படவில்லை. மெலிவோடு, ஆளின் மொத்தச் சக்தி அடிப்படை வீதத்தின் 1.4 மடங்குக்குக் குறைவாக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும் என்றார்கள். சித்தியின் அடிப்படை வீதம் நாளுக்கு ஏறக்குறைய 1,080 கலோரி. அதன் 1.4 மடங்கு சுமார் 1,510. அதற்குக் கீழே என்றால் அவர் அசைவைக் குறைத்துத்தான் நிறையைத் தாங்கிப் பிடிக்கிறார். நல்லாச் சாப்பிட்டு ஓடித்திரியும் ஒல்லியான ஆளை இந்த இரண்டாவது சோதனை வெளியே விட்டுவிடும். ஆனால் கிராமத்தில் ஒவ்வொருவரின் சக்திச் செலவையும் அளப்பது இலேசான காரியமில்லை. 1992இல் அந்தச் சோதனையைக் கைவிட்டுச் சுட்டியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேலை சுலபமானது, 'ஏன் மெலிவு' என்ற கேள்வி கைநழுவியது.

உலக சுகாதார நிறுவனம் 1995இல் அதே எண்களை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் 'மெலிவு' என்று மாற்றியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். மெலிவுக்குச் சாப்பாட்டுக் குறைவு காரணமாகலாம், காசநோயும் காரணமாகலாம். உடல்வாகும் இருக்கிறது. கால் நீண்ட, உடல் குறுகிய மக்களுக்கு இந்தச் சுட்டி இயல்பாகவே குறைவாக வரும். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. உடம்பில் நீர் கோர்த்திருந்தால் மெலிவையே மறைத்துவிடும்.

ஆகவே இந்தக் கோடு தனி ஆளை விட ஒரு சமூகத்தைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசும். நன்றாகச் சாப்பிடும் சமூகத்திலும் 3 முதல் 5 வீதமானோர் 18.5க்குக் கீழே இருப்பார்கள். 10 வீதத்தைத் தாண்டினால் நிலைமை மோசம், 20ஐத் தாண்டினால் பாரதூரம், 40ஐத் தாண்டினால் நெருக்கடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ஊரில் நாலில் ஒரு பெண் கோட்டுக்குக் கீழே இருந்தால் 'உடல்வாகு' என்று சொல்லித் தப்பமுடியாது. மெலிந்த தாய்மாருக்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதால் அந்த விலையை அடுத்த தலைமுறையும் கட்டுகிறது.

திரும்பச் சித்தியிடம் வருவோம். அவரின் நிறையை இன்றைக்கு ஒருக்கா, ஆறு மாதம் கழித்து ஒருக்கா பார்க்கலாம். இறங்கியிருந்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதே 40 கிலோவில் நின்றால், "பார், ஒரு வருத்தமும் இல்லை" என்று கதையை முடிக்காமல் இன்னொன்றும் கேட்கவேண்டும்: வேலை முடிந்து வந்த பிறகு அவரால் என்னென்ன செய்ய முடியவில்லை? தராசு காட்டாத விலை அந்தப் பதிலில் இருக்கும்.